புள்ளிக்கு ஒரு ஆள்: சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்லித் தந்த கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம கூட்டமைப்புக் கட்டிடத்தில் காலையில் நடக்கிற சின்னப் பிள்ளைகள் வகுப்பை நான் பார்த்துக்கிறேன். எனக்கு டீச்சர் என்று பேர் இல்லை. பாதிப் பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடும், பாதி பெரியம்மா என்று கூப்பிடும். அடுத்த மாசம் இன்னும் மூணு ஊரில் இதே மாதிரி வகுப்பு ஆரம்பிக்கப் போகிறார்கள். அங்கே நடத்தப் போகிற தங்கச்சிகள் "ஒரு நாள் எப்படி நடத்துவீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார்கள். அதனால் எல்லாத்தையும் பேசப் போவதில்லை. வட்டமாக உட்கார வைத்து எண்ணிக்கை சொல்லித் தருகிற ஒரே ஒரு பாடம். இருபது நிமிஷம். அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் தப்புச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பல பேருக்கு அது ஞாபகம் இருக்கும்.

வகுப்பு ஆரம்பித்து ரெண்டு மாசத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தோம். பிள்ளைகள் வரிசையாக நின்று ஒண்ணு, ரெண்டு என்று ஐம்பது வரைக்கும் சத்தமாகச் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினீர்கள். எனக்கும் பெருமைதான். அப்புறம் டீ கொடுக்கும்போது ஒரு அக்கா, தன் பேத்தியிடம் "அஞ்சு டம்ளர் எடுத்துட்டு வா கண்ணு" என்று சொன்னார்கள். அந்தப் பிள்ளை அடுக்கி வைத்திருந்த டம்ளரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது. "அஞ்சுடி, அஞ்சு" என்றதும் ஒண்ணை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தது. அந்த அக்கா என்னைப் பார்த்து, "மாசம் அம்பது ரூபா குடுக்கிறோம், ரெண்டு மாசமா என்னம்மா சொல்லிக் குடுத்தே?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அடுத்த கூட்டத்தில் வகுப்பு தேவையா, நிறுத்திடலாமா என்றே பேச்சு வந்தது.

அந்த வாரமே வீட்டில் துணி காயவைக்கிற கிளிப்பை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "எனக்கு ரெண்டு குடு", "மூணு குடு", "அஞ்சு குடு" என்று கேட்டுப் பார்த்தேன். மொத்தம் பதினாலு பிள்ளைகள். பத்து வரைக்கும் தப்பில்லாமல் வாயால் சொல்கிறவர்கள் பதினொரு பேர். அஞ்சு கிளிப் சரியாக எடுத்துக் கொடுத்தவர்கள் நாலு பேர்தான். மற்றவர்களில் சிலருக்கு ரெண்டு வரைக்கும் தெரிந்தது, சிலருக்கு மூணு. அதற்கு மேல் போனால் கையில் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு ஒண்ணு ரெண்டு மூணு என்பது ஒரு பாட்டு. பாட்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலே பாடலாம், நாமே சினிமாப் பாட்டு அப்படித்தானே பாடுகிறோம். பாட்டு தெரிந்துவிட்டது, எண்ணத் தெரியவில்லை. எண்ணுவது என்றால் ரெண்டு காரியம் சேர்ந்தது. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பேர் சொல்லணும், விடவும் கூடாது, ஒரே பொருளுக்கு ரெண்டு தரம் சொல்லவும் கூடாது. இது ஒண்ணு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று தெரியணும். இது ரெண்டாவது. ஐந்து பொருளை ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு என்று சரியாகத் தொட்டு எண்ணிய பிள்ளையிடம் "அப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் "அஞ்சு" என்று சொல்லாது. மறுபடி ஒண்ணிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அந்த ரெண்டாவது காரியம் இன்னும் வரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்த ரெண்டையும் வைத்துத்தான் பாடத்தைத் திருப்பிப் போட்டேன்.

வட்டம் போடுவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஐந்தடிக் கயிறு ஒண்ணு எடுத்து, ஒரு முனையை நடுவில் ஒருத்தர் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் கோலமாவோ சாக்பீஸோ பிடித்துச் சுற்றி வந்தால் பத்தடி அகலத்துக்கு வட்டம் கிடைக்கும். அதன் மேல் ரெண்டு அடிக்கு ஒண்ணாகப் புள்ளி வையுங்கள். பதினைந்து புள்ளி வரும். பிள்ளைகள் பதினாலு, நான் ஒருத்தி. நமக்குக் கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழக்கம், அதைவிட லேசான வேலை இல்லை. புள்ளிக்கு ஒரு ஆள் உட்காரணும். ஒரு புள்ளியில் ரெண்டு பேர் உட்கார்ந்தால் சண்டை வரும், உடனே "புள்ளிக்கு ஒரு ஆள்" என்று அவர்களே சொல்வார்கள். ஒரு நாள் ரெண்டு புள்ளி காலியாக இருந்தால், "ரெண்டு பேர் வரலை அத்தை" என்று வாயைத் திறப்பதற்கு முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பதை வாயால் விளக்கினால் அந்த வயசுக்குப் புரியாது. புள்ளியில் உட்கார்ந்தால் உடம்புக்கே புரிகிறது.

இருபது நிமிஷத்தை நான் பிரிப்பது இப்படி. வந்து உட்காரவும் யார் வரவில்லை என்று பார்க்கவும் மூணு நிமிஷம். எழுந்து குதித்து எண்ணுவது நாலு நிமிஷம். உட்காருவதற்கு ஒரு நிமிஷம். பாட்டும் விளையாட்டும் ஏழு நிமிஷம். கிளிப்பை வைத்துக் கேட்டுப் பார்ப்பது மூணு நிமிஷம். கை கழுவ அனுப்புவது ரெண்டு நிமிஷம். மூணு வயசுப் பிள்ளைகள் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராது. எழுந்து போனால் விடுங்கள், ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும், கேட்டுக்கொண்டும் இருக்கும். பிடித்து இழுத்து உட்கார வைத்தால் மற்ற பதின்மூணு பேரும் உங்களை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு எண்தான். நான் இங்கே சொல்வது அஞ்சு. அதையே ஒரு வாரம் செய்தேன். தினமும் புது எண் எடுத்தால் எதுவும் நிற்காது.

இப்போது குதித்து எண்ணுவது. அக்கா தங்கச்சிகள் எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்கள். பெரியவர்கள் வேண்டாம், உட்கார்ந்துகொள்ளுங்கள். நடந்துகொண்டே ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு என்று சொல்லுங்கள்.

பார்த்தீர்களா, பாதிப் பேர் எத்தனை அடி வைத்தீர்கள்? "ஒண்" என்று ஒரு கால், "ணு" என்று ஒரு கால். "ரெண்" ஒரு கால், "டு" ஒரு கால். அஞ்சு சொல்லி முடிக்கிறபோது பத்து அடி போயிருக்கும். பெரியவர்களுக்கே இப்படி என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நம் எண்களில் ஒண்ணிலிருந்து எட்டு வரைக்கும் எதைச் சொன்னாலும் ரெண்டு தட்டாகத்தான் வருது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒம்பது வந்தால் மூணு தட்டு. பிள்ளை வார்த்தையின் ஓசைக்குக் கால் வைக்கிறது, எண்ணுக்கு வைக்கவில்லை. நான் ரெண்டு மாசம் பிள்ளைகளை நடக்க வைத்துத்தான் எண்ணச் சொன்னேன். ஒரு எண்ணுக்கு ரெண்டு அடி என்று நானே பழக்கிவிட்டேன். பொருளைத் தொட்டு எண்ணும்போதும் "ரெண்" என்று ஒண்ணைத் தொட்டு, "டு" என்று அடுத்ததைத் தொட்டது அதனால்தான்.

அதனால் நடையை விட்டுவிட்டேன். ரெண்டு காலையும் சேர்த்துத் தவளை மாதிரி ஒரு குதி. கீழே விழும்போது "தொம்" என்று ஒரே சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஒரு எண். குதித்து, நின்று, மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்தது. நான் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவேன். ஒரு தட்டு, ஒரு குதி, ஒரு எண். தட்டுக்குத் தட்டு இடைவெளி ரெண்டு வினாடி. முதல் நாள் அவசரத்தில் வேகமாகத் தட்டி எல்லாம் ஒண்ணு மேல் ஒண்ணு விழுந்தது. அப்புறம் சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே தட்டினேன், சரியாக வந்தது. பிள்ளைகள் எவ்வளவு வேகமாகச் சொல்கிறார்களோ அவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு. இங்கே மெதுவாகச் சொல்கிற பிள்ளைதான் சரியாக எண்ணுகிறது.

அஞ்சாவது குதியில் நான் தாம்பாளத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துவிடுவேன், சத்தம் நின்றுவிடும். எல்லாரும் சிலை மாதிரி நிற்கணும். நான் கேட்பேன், "எத்தனை குதி குதிச்சோம்?" அஞ்சு என்று பதில் வரும். ஆறாவதும் குதிக்கிற பிள்ளை ஒண்ணு ரெண்டு இருக்கும். அந்தப் பிள்ளைக்கு எண் தெரியாது என்று நினைக்க வேண்டாம், உடம்பை நிறுத்த இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். எண்ணத் தெரிந்தும் நிற்கத் தெரியாததும் எங்கள் வகுப்பில் ரெண்டு பேர் இருந்தார்கள். கை தட்டி எண்ணச் சொன்னபோது சரியாகச் செய்தார்கள். கால் சரியில்லாத ஒரு பையன் இருக்கிறான். அவனுக்குத் தாம்பாளத்தைக் கொடுத்துவிட்டேன். என்னைவிட அவன் தட்டுவது ஒரே சீராக இருக்கு.

இன்னொரு விஷயம். எண்ணும்போது ஒன்று, இரண்டு என்று எழுத்துத் தமிழில் சொல்ல வைக்காதீர்கள். வீட்டில் ஒண்ணு, ரெண்டு என்றுதான் கேட்கிறார்கள். எழுதப் படிக்கிற காலத்தில் மற்றது தானாக வரும். நான் முதல் மாசம் "ஒன்று" என்று திருத்திக்கொண்டே இருந்ததில், எண்ணுவது பாதியில் நின்றுபோகும், பிள்ளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

குதித்து முடிந்ததும் நேராக "உட்காருங்க" என்றால் உட்கார மாட்டார்கள். உடம்பு சூடாக இருக்கும், ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவார்கள். நாம் சத்தம் போடுவோம், அவர்கள் அதைவிடச் சத்தம் போடுவார்கள். இந்த இடம்தான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. பாடத்தைவிட, ஒண்ணு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிற அந்த அரை நிமிஷத்தில்தான் வகுப்பு கையை விட்டுப் போகிறது.

இப்போது செய்வது இதுதான். கையை மேலே தூக்கி "அஞ்சு" என்பேன். கையைத் தோளில் வைத்து "நாலு". இடுப்பில் வைத்து "மூணு". முட்டியில் வைத்து "ரெண்டு". "ஒண்ணு" என்று சொல்லும்போது எல்லாரும் தரையில், அவரவர் புள்ளியில். ஒவ்வொரு எண்ணுக்கும் குரலைக் குறைத்துக்கொண்டே வருவேன். அஞ்சு சத்தமாக, ஒண்ணு காதோடு சொல்கிற மாதிரி. பிள்ளைகளும் தானாகக் குரலைக் குறைப்பார்கள், ஏன் என்றால் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லணும் என்ற போட்டி அங்கே இல்லை. இதைப் பின்னாலிருந்து எண்ணச் சொல்லித் தருகிற பாடம் என்று நினைக்காதீர்கள். இந்த வயசில் பல பேருக்கு அது வராது, என்னோடு சேர்ந்து சொல்வதுதான். இது உட்காருவதற்கு ஒரு சைகை, அவ்வளவே. ஆனால் தினமும் இதே மாதிரி இருக்கணும். ஒரு வாரம் நான் சலித்துப்போய் வேறொண்ணு மாற்றினேன். நமக்குத்தான் சலிப்பு, பிள்ளைகளுக்கு இல்லை. மாற்றின அன்றைக்கு உட்கார வைக்க ஏழு நிமிஷம் ஆச்சு.

அடுத்தது பாட்டு. இருக்கிற பாட்டுகளில் எண் வேகமாக ஓடிவிடுகிறது, நிற்க இடம் இல்லை. அதனால் நானே ரெண்டு வரி கட்டினேன். பெரிய பாட்டு ஒண்ணும் இல்லை, சிரிக்காதீர்கள்.

பொழுது சாயுது பொழுது சாயுது, வா வா குஞ்சு
பஞ்சாரத்தைத் தூக்கி வெச்சேன், வா வா குஞ்சு

அவ்வளவுதான். வட்டத்தின் நடுவில் சாக்பீஸால் ஒரு பெரிய பஞ்சாரம் வரைந்திருப்பேன். அஞ்சு பிள்ளைகள் குஞ்சுகள், அவர்கள் வட்டத்துக்கு வெளியே மேய்வார்கள். பாட்டு ஒரு தடவை பாடினால் ஒரு குஞ்சு பஞ்சாரத்துக்குள் வரும். பாட்டு நிற்கும். எண்ணணும். மறுபடி பாட்டு, இன்னொரு குஞ்சு, பாட்டு நிற்கும், எண்ணணும். எண்ணுவது பாட்டுக்குள் இல்லை, பாட்டு நிற்கிற இடத்தில் இருக்கு. நான் முன்னே செய்த தப்புக்கு இதுதான் மருந்தாச்சு.

எண்ணுகிறபோது குஞ்சின் தலையைத் தொட்டு எண்ணுவேன், தொடுகிற நேரத்தில்தான் எண் வாயில் வரணும். மூணாவது குஞ்சு வந்தபின், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தொட்டுவிட்டு, மூணு பேரையும் சேர்த்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி "மொத்தம் மூணு" என்பேன். இந்தச் சுற்று முக்கியம். மூணு என்பது கடைசியாக வந்த பிள்ளையின் பேர் என்று சில பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். "மூணு எங்கே?" என்று கேட்டால் கடைசியில் நிற்கிறவனைக் காட்டினார்கள். கையால் எல்லாரையும் சேர்த்துச் சுற்றிக் காட்டினபோதுதான் மூணு என்பது எல்லாரும் சேர்ந்தது என்று பிடிபட்டது. நாலாவது குஞ்சு வந்ததும் உடனே எண்ணாமல், "மூணு பேர் இருந்தாங்க, ஒருத்தர் வந்துட்டாங்க, இப்ப எத்தனை?" என்று கேட்டுவிட்டு அப்புறம் தொட்டு எண்ணிப் பார்ப்போம். சொல்லத் தெரிந்தவர்கள் சொல்வார்கள், மற்றவர்கள் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

அஞ்சு பேர் விளையாடும்போது மற்ற ஒம்பது பேர் என்ன செய்வார்கள்? இதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. சும்மா உட்கார்ந்தவர்கள் கிள்ளினார்கள், மண்ணைத் தோண்டினார்கள். இப்போது உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கைதான் பஞ்சாரம். ஒரு குஞ்சு உள்ளே போனால் ஒரு விரலைத் தூக்கணும். அஞ்சும் போய்விட்டால் கை முழுக்க விரிந்திருக்கும். யார் விரலை எண்ணித் தூக்குகிறார்கள், யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்குகிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும்.

மூணு தடவை விளையாடினால் எல்லாருக்கும் குஞ்சாக முறை வரும். அஞ்சு, அஞ்சு, அப்புறம் நாலுதான் மிச்சம். மூணாவது தடவை பாட்டு முடிந்ததும் ஒரு பெண் பிள்ளை, தன் கையைப் பார்த்துவிட்டு, "பெரிம்மா, கட்டை விரல் மிச்சம் இருக்கு, ஒரு குஞ்சு காணோம்" என்றது. நான் அதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை, பதினாலு பேர் என்பதால் அப்படி வந்தது. இப்போது எல்லாரும் வந்த நாளிலும் கடைசிச் சுற்றை வேண்டுமென்றே நாலோடு வைக்கிறேன்.

பாட்டுக்கு அப்புறம் கிளிப். முதலில் நான் புளியங்கொட்டைதான் வைத்திருந்தேன், நம்மிடம் அதுதான் நிறைய இருக்கு. ஒரு பையன் மூக்குக்குள் விட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுக்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து மூக்கிலும் வாயிலும் போகாத பொருள்தான். துணி கிளிப் கைக்கு அடக்கமாக இருக்கு, உருண்டு ஓடாது, கயிற்றில் மாட்டியும் எண்ணலாம்.

ஒரு நாளைக்கு மூணு பிள்ளைகளைத்தான் கேட்பேன். வாரத்துக்கு அஞ்சு நாள், பதினாலு பேரும் முடிந்துவிடும். மற்றவர்கள் அந்த நேரத்தில் குசுகுசு என்று பஞ்சாரப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். டப்பாவில் பத்துக் கிளிப் இருக்கும். "எனக்கு ரெண்டு குடு" என்று ஆரம்பிப்பேன். சரியாகக் கொடுத்தால் மூணு, அப்புறம் நாலு, அஞ்சு. தப்பாகக் கொடுத்தால் தப்பு என்று சொல்லாமல், "எண்ணிப் பாரு, நாலு இருக்கா?" என்பேன். எண்ணிப் பார்த்துத் தானே ஒண்ணை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நாலு தெரியும். கையில் ஏழு கிளிப்பை வைத்துக்கொண்டு அதையே ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எப்படியாவது தொட்டு முடித்துவிட்டால் இன்னும் தெரியாது. ஒரு எண்ணை ரெண்டு தரம் கேட்டு ரெண்டு தரமும் சரியாக இருந்தால்தான் நோட்டில் எழுதுவேன். நோட்டில் ஒரு பேர், அதுக்கு எதிரே ஒரு எண், தேதி. அவ்வளவுதான் எழுதுகிறது. மார்க் இல்லை, யார் முதல் என்று இல்லை.

கடைசியாகக் கை கழுவ அனுப்புவது. முன்னே எல்லாரையும் குழாய்க்கு முன்னால் வரிசையாக நிற்க வைப்பேன். நமக்கு இருப்பது ஒரே குழாய். பத்து நிமிஷம் ஆகும். தள்ளிக்கொண்டதில் ஒரு பிள்ளைக்கு உதடு கிழிந்தது. இப்போது வரிசையே கிடையாது. எல்லாரும் புள்ளியிலேயே இருப்பார்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "மூணு பேரைத் தொட்டு அனுப்பு" என்பேன். அந்தப் பிள்ளை வட்டத்தில் நடந்து மூணு தலையைத் தொடும். குழாயில் உதவிக்கு வருகிற அக்கா நிற்பார்கள். அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அடுத்த பிள்ளை, அடுத்த மூணு பேர். கடைசியில் ரெண்டு பேர்தான் இருப்பார்கள். தொடுகிற பிள்ளை மூணாவது தலையைத் தேடிக்கொண்டு என்னைப் பார்க்கும். சில நாள் என் தலையைத் தொட்டுவிடும், நானும் போய்க் கை கழுவிக்கொண்டு வருவேன். முதல் மூணு பேர் கிளம்புவதற்குள் ரெண்டு நிமிஷம், மொத்தம் முடிய எட்டு நிமிஷம் ஆகிறது. நேரம் பெரிசாக மிச்சம் இல்லை, ஆனால் சண்டை இல்லை, யாரும் சும்மா நிற்கவும் இல்லை.

கிண்டர்கார்டன் என்கிறார்களே, அது ஜெர்மன் வார்த்தையாம். பிள்ளைகள் தோட்டம் என்று அர்த்தம். ஃப்ரோபெல் என்கிறவர் 1840ல் வைத்த பேர். பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்துப் பாட்டோடு விளையாட வைத்தவர் அவர். பயிற்சியில் இதைக் கேட்டபோது, கும்மி அடிக்கிற நமக்கு வட்டம் புதுசா என்று பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்.

இந்த மாதிரி ஆறு வாரம் நடத்தினபின் மறுபடி பதினாலு பேரையும் கிளிப் வைத்துக் கேட்டேன். அஞ்சு சரியாகக் கொடுத்தவர்கள் ஒம்பது பேர். ரெண்டு பேர் நாலு வரைக்கும். ரெண்டு பேர் மூணிலேயே நிற்கிறார்கள். ஒரு பிள்ளை வாயையும் திறக்கவில்லை, கிளிப்பையும் தொடவில்லை. ஆனால் பஞ்சாரப் பாட்டில் விரலைச் சரியாகத் தூக்குகிறது, அதனால் அதற்குத் தெரியாது என்று நான் எழுதவில்லை, நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அம்பது வரைக்கும் சொல்வது இப்போது குறைந்துபோச்சு. சில அம்மாக்கள் "முன்னே அம்பது சொன்னான், இப்ப இருபதுக்கு மேல தடுமாறுறான்" என்று சொன்னார்கள். உண்மைதான். நான் அதைச் சொல்லிப் பழக்குவதை நிறுத்திவிட்டேன், அதனால் மறந்துவிட்டார்கள். அஞ்சு என்றால் என்ன என்று தெரிந்தபின் அம்பது சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பித்தான் இந்த முடிவை எடுத்தேன். உங்களுக்கு அதில் வருத்தம் இருந்தால் கூட்டத்தில் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

வீட்டில் நீங்கள் செய்ய ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கொள்கிறேன். விருந்தாளி முன்னாடி "எத்தனை வரைக்கும் சொல்லுவே, சொல்லு" என்று கேட்பதற்குப் பதிலாக, சமைக்கும்போது "நாலு வெங்காயம் எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். கொண்டு வந்ததும் அதைக் கீழே வைத்துத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். ஆறு கொண்டு வந்தால் திட்டாதீர்கள், ரெண்டைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

மூணிலேயே நிற்கிற ரெண்டு பிள்ளைகளுக்கு நான் அஞ்சை விட்டுவிட்டேன். அவர்கள் குஞ்சாக வரும்போது பஞ்சாரத்தில் மூணு பேர்தான், கை கழுவ அனுப்புகிற வேலையும் அவர்களுக்குத்தான், ஏன் என்றால் அது மூணு. மற்றவர்களுக்கு இது தெரியாது. அது நன்றாக வந்தபின் நாலாவது குஞ்சை அனுப்புவேன்.

புது ஊரில் ஆரம்பிக்கிற தங்கச்சிகள் முதல் வாரம் பாட்டும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். கயிறு ஐந்தடி, ஒரு சாக்பீஸ், ஒரு தாம்பாளம் இருந்தால் போதும். புள்ளியில் உட்காருவதும், அஞ்சிலிருந்து ஒண்ணு வரைக்கும் கையை இறக்கி உட்காருவதும் மட்டும் செய்யுங்கள். ரெண்டாவது வாரம் தவளைக் குதி. திங்கள்கிழமை காலையில் ஒம்பதே முக்காலுக்கு எங்கள் வகுப்பு ஆரம்பிக்கும், வந்து பாருங்கள். வந்தால் உங்களுக்கும் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன், கீழேதான் உட்காரணும்.